திருவாசக முற்றோதலுக்கு ஓர் அறிவித்தல் எழுதுதல்

முற்றோதல் என்பது திருவாசகத்தின் 51 பகுதிகளையும், அவற்றிலுள்ள 658 பாடல்களையும், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அமர்வில் ஓதுவது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதற்கு ஞாயிற்றுக்கிழமையோ போயா விடுமுறையோதான் வசதி. அந்த நாளின் ஒழுங்கெல்லாம் முன்கூட்டியே வெளியிடப்படும் ஒரு பக்க அறிவித்தலில்தான் தங்கியிருக்கிறது.

அறிவித்தலில் பெரும்பாலும் தவறுவது நேரப் பங்கீடு. எட்டு மணி நேரத்தை எட்டுத் தொண்டர்களுக்கு மணிக்கு ஒருவராகப் பிரித்தால், ஒருவருடைய முறை பாடலின் நடுவிலே முடிந்துவிடும். பங்கீட்டைப் பதிகப்படி செய்து, நேரத்தை உத்தேசமாக மட்டும் பக்கத்தில் குறிக்க வேண்டும். நூலின் பகுதிகள் ஒரே அளவானவை அல்ல. சிவபுராணம் 95 அடி, கீர்த்தித் திருஅகவல் 146, திருவண்டப்பகுதி 182, போற்றித் திருஅகவல் 225. இந்த நான்கும் சேர்ந்து 648 அடி. நிதானமாக ஓதினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். இவற்றில் பாடல் முடிந்து மூச்சு வாங்க இடமில்லை. அடிகள் தொடர்ந்து ஓடும். ஆகவே காலை முதல் முறைக்குப் பழகிய குரல்கள் இருவர் வேண்டும். புதியவர்களுக்கு, நான்கு நான்கு அடியாக நின்று செல்லும் பிற்பகுதிப் பத்துகளே ஏற்றவை.

காலை 7 மணிக்குத் தொடங்கும் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அகவல்கள் 8.10 அளவில் முடியும். நூறு பாடல் கொண்ட திருச்சதகத்தைப் பாடலுக்கு 40 விநாடி வைத்து ஓதினால் 9.20 ஆகும். நீத்தல் விண்ணப்பமும் திருவெம்பாவையும் முடிய 10.20. அதன்பின் திருஅம்மானையிலிருந்து திருப்பொன்னூசல்வரை மகளிர் ஆடல்களை ஒட்டிய ஒன்பது பகுதிகள் வருகின்றன. காலையிலிருந்து அமர்ந்திருப்பவர்கள் சோர்கின்ற நேரம் அதுதான் என்பதால், அவற்றை ஒருவருக்கு ஒதுக்காமல் குழுவாக ஓதவிடுவது மிக நல்லது. குறிப்பாகத் திருச்சாழல் வினாவும் விடையுமாக அமைந்தது; சபையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் கேட்க, மறுபக்கம் சொல்ல, பாடலின் அமைப்பே எல்லோருக்கும் விளங்கிவிடும். இந்த ஒன்பதும் உச்சிக்காலப் பூசைக்குச் சற்று முன் நிறைவுறும். மீதி 321 பாடல்களுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வேண்டும். ஒவ்வோர் அடியையும் சபை திரும்பச் சொல்லும் முறையில் ஓதினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். எந்த முறை என்பதை அறிவித்தலின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோயிலில் நடந்தால் உச்சிக்காலப் பூசையின் மணியும் மேளமும் ஓதுவாரின் குரலை மூடிவிடும். அந்த அரைமணி நேரம் மட்டும் பொது இடைவேளை. மற்ற வேளைகளில் ஓதுதல் நிற்பதில்லை. தேநீருக்கும் உணவுக்கும் மூன்றில் ஒரு பங்கினர் மாறி மாறி எழுந்து செல்வார்கள். அடுத்து ஓத வேண்டியவர் முந்திய பதிகம் தொடங்கும்போதே பக்கத்தில் வந்து அமர்கிறார். அதன் கடைசிப் பாடலை இருவரும் சேர்ந்து ஓதுகிறார்கள். அப்போதுதான் சுருதி குலையாமல் கைமாறும். திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுவது ஓதுவார் மரபு. வேறு மெட்டில் பழகியவர் நடுவில் வந்தால் சபை தடுமாறும். ஆகவே எந்த மெட்டு என்பதையும் தொண்டர்களிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

அமைதி குலைவதற்குக் கைத்தொலைபேசியைவிடப் பெரிய காரணம், பிந்தி வருபவர் பக்கத்திலிருப்பவரிடம் “எந்தப் பக்கம்?” என்று கேட்பதுதான். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் வேறு. பதில் சொல்பவரும் தம் இடத்தைத் தவறவிடுகிறார். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, ஓதப்படும் பகுதியின் பெயரையும் எண்ணையும் ஒரு தொண்டர் மாற்றிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. பேசுவதும் குழந்தைகளுக்கு உணவு கொடுப்பதும் வெளிமண்டபத்தில். நூலை வெறுந்தரையில் வைப்பதில்லை.

கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரம் போன்ற கல் மண்டபத்தில் எதிரொலி கூடும். விரைந்து ஓதினால் சீர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். வெள்ளவத்தையிலோ அடுக்குமாடி வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே ஒலிபெருக்கிகள் உள்நோக்கியே இருக்க வேண்டும். பொலிஸ் அனுமதியும் தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு 2007இல் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே விடியுமுன் தொடங்க விரும்புவோர் முதல் அகவல்களை ஒலிபெருக்கியின்றியே ஓத வேண்டும்.

நிறைவு நேரத்தை “பி.ப. 4 மணியளவில்” என்றே போடுவது நேர்மை. கடைசிப் பகுதியான அச்சோப் பதிகத்தின் ஒன்பது பாடல்களை எல்லோரும் சேர்ந்து ஓதுவார்கள். அதற்கெனவே வேலையிலிருந்து வருபவர்கள் 3.30 மணிக்கு முன் வந்து அமரும்படி அறிவித்தலின் அடியில் தனி வரியாகக் குறித்துவிட வேண்டும்.