தாயின் தொழில்

அம்மா, இன்று உனக்கு 70 வயது நிறைகிறது.

அப்பா மறைந்தபின் முக்கூடல் வீட்டுத் திண்ணையில் மடிமீது சுளகோடு அமர்ந்தாய். நனைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நுனி மடக்கி, நூல் கட்டுவாய். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் 1000. கூலி அந்தக் கணக்கில்தான். கடையில் சில கட்டுகளைக் கழித்துவிட்டால் அவற்றுக்குக் கூலியில்லை. அன்றிரவு 'பசியில்லை' என்பாய், நானும் நம்பினேன்.

கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்னுமிடத்தில் 'இல்லத்தரசி' என்றெழுதினேன். எழுத்துக்கூட்டி வாசித்த நீ, ஒன்றும் சொல்லாமல் கத்தரியை எடுத்துக்கொண்டாய்.

சென்ற வாரம் என் மாணவனொருவன் அதே இடத்தை வெறுமையாக விட்டுத் தந்தான். உன்னைப் பற்றி அவனிடம் சொன்னேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். 'இல்லத்தரசி'யை இன்று அடிக்கிறேன் அம்மா. தாயின் தொழில்: பீடி சுற்றுதல்.