ஒன்றாம் தேதி தவறாமல் வரும் பணம்

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு வாத்தியார் எழுதுவது என்பதால் நடுவில் ஒரு கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். இருவர் என்னிடம் படித்தவர்கள், ஒருவர் மருமகன் முறை. லட்சம் ரூபாய் கட்டினால் மாதம் பத்தாயிரம் வருமாம். முதலை எப்போது கேட்டாலும் திருப்பித் தருவார்களாம். "போடலாமா சார்?" கேட்டவர்களில் ஒருவனுக்கு விருப்ப ஓய்வில் வந்த பணம் கையில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை. "சார், என் மச்சான் எட்டு மாசமா வாங்கிட்டிருக்கார். ஒண்ணாம் தேதி டாண்ணு வந்துடுது. ஏமாத்துறவன் இப்படி ஒழுங்கா குடுப்பானா?"

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. ஏமாற்றுகிறவன்தான் இப்படி ஒழுங்காகக் கொடுப்பான். உண்மையான தொழிலில் ஒரு மாதம் லாபம் கூடும், ஒரு மாதம் குறையும், மழை பெய்தால் நஷ்டம்கூட வரும். தொழிலே இல்லாதவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவனிடம் இருப்பது உங்கள் பணம். அதில் கொஞ்சம் எடுத்து உங்களுக்கே கொடுப்பதற்கு மழையும் வெயிலும் ஏன் குறுக்கே நிற்கப் போகிறது?

இப்போது கணக்குக்கு வருவோம்.

நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டுகிறார்கள். பெட்டியில் ஒரு கோடி. மாதம் தர வேண்டியது பத்து லட்சம். தொழில், வருமானம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒருவரும் சேராவிட்டாலும் பத்து மாதத்துக்கு வண்டி ஓடும். பத்தாம் மாதம் ஒவ்வொருவரும் மொத்தமாக ஒரு லட்சம் வாங்கியிருப்பார். அது அவர் கட்டிய அதே ஒரு லட்சம். ஆனால் அவர் மனதில் ஓடும் கணக்கு வேறு: வட்டியாக ஒரு லட்சம் வந்துவிட்டது, முதல் அப்படியே பத்திரமாக இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அந்த மச்சான் எட்டு மாதத்தில் வாங்கிய எண்பதாயிரம் இப்படிப்பட்டதாக இருந்தால், அது வட்டியே அல்ல. அவர் பணத்தையே தவணை முறையில் அவரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெட்டி குறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? இந்த மாதம் புதிதாகப் பத்துப் பேர் சேர வேண்டும். அவர்கள் கட்டும் பத்து லட்சம் பழைய நூறு பேருக்கு வட்டியாகப் போய்விடும். அடுத்த மாதம் வட்டி கேட்பவர்கள் 110 பேர், ஆகவே பதினோரு பேர் சேர வேண்டும். அதற்கடுத்த மாதம் பன்னிரண்டு. கூட்டு வட்டிக் கணக்கு போலவே இது ஏறும். ஒரு வருடத்தில் 314 பேர். இரண்டு வருடத்தில் 985 பேர். பத்து வருடம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் 92 லட்சம் பேர் வேண்டும். இதில் ஏஜெண்டு கமிஷனும், முதலாளியின் காரும் பங்களாவும் சேரவில்லை.

இரண்டாம் வருட முடிவை மட்டும் நிறுத்திப் பாருங்கள். 985 பேருக்குத் திருப்பித் தர வேண்டிய முதல் 9 கோடியே 85 லட்சம். பெட்டியில் அதே ஒரு கோடி. கூட்டம் சேரச் சேரப் பள்ளம் ஆழமாகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இதைக் கவிழ்க்கப் புது ஆட்கள் வருவது முழுக்க நிற்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் 98 பேர் வர வேண்டிய இடத்தில் 70 பேர் வந்தாலே பெட்டியில் கைவைக்க வேண்டியதாகிவிடும்.

இது கற்பனைக் கணக்கு அல்ல. இந்த மோசடிக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டுப் போன சார்லஸ் பொன்சியின் கதையில் ஒவ்வொரு படியும் இப்படித்தான் நடந்தது. அவருக்கு முன்பும் இதைச் செய்தவர்கள் உண்டு. பெயர் மட்டும் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர் பொன்சி. 1919 டிசம்பரில் பாஸ்டன் நகரில் 150 டாலரை வைத்துக் கடை திறந்தார். பணம் கொடுத்தால் 45 நாளில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் தருவேன் என்றார். எப்படி என்று கேட்டவர்களுக்கு ஒரு கதை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், பதில் போடுவதற்கான தபால் செலவுக்கு ஒரு கூப்பனை வாங்கி உறைக்குள் வைத்து அனுப்புவார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பு விழுந்துவிட்டது, கூப்பனின் விலை மட்டும் பழைய கணக்கிலேயே இருந்தது. அங்கே மலிவாக வாங்கி இங்கே மாற்றினால் லாபம். காகிதத்தில் பார்த்தால் இந்தக் கணக்கு சரிதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாந்தார்கள்.

போலீஸ்காரர்கள், கூலிக்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள் என்று கூட்டம் வரிசையில் நின்றது. 45-ம் நாள் ஒன்றரை மடங்கு பணம் சொன்னபடி கிடைத்தது. வாங்கியவர்களில் பலர் அந்தப் பணத்தை அப்படியே திரும்பக் கட்டிவிட்டுப் போனார்கள், அண்ணன் தம்பியையும் அழைத்து வந்தார்கள். எட்டு மாதத்துக்குள் 95 லட்சத்து 82 ஆயிரம் டாலர் சேர்ந்தது. அதற்கு அவர் எழுதிக்கொடுத்த சீட்டுகளின் மதிப்பு 1 கோடியே 43 லட்சத்து 74 ஆயிரம். ஆள் பிடித்துத் தந்தவர்களுக்குப் பத்து சதவீதக் கமிஷன் தனி.

அப்போது கிளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர் எளிமையாக ஒரு காரியம் செய்தார். இவ்வளவு பணத்துக்கு எத்தனை கூப்பன் வாங்கியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தார். 16 கோடி கூப்பன் வந்தது. புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27 ஆயிரம். பொன்சி தன் சொந்தப் பணத்தைத் தன் திட்டத்தில் போடாமல் வேறு இடங்களில் போட்டிருந்ததையும் சுட்டிக்காட்டினார்.

1920 ஜூலை 26 அன்று, கணக்குத் தணிக்கை முடியும் வரை புதிதாகப் பணம் வாங்குவதில்லை என்று பொன்சி ஒப்புக்கொண்டார். பழையவர்கள் கேட்டால் கொடுப்பேன் என்றார். கூட்டம் முட்டிமோதியது. வந்தவர்களுக்குக் காபியும் டோனட்டும் கொடுத்துச் சிரித்த முகத்தோடு பணத்தை எண்ணிக் கொடுத்தார். அதைப் பார்த்தே பலர், "கேட்டதும் கொடுக்கிறாரே, நல்ல மனுஷன்தான்" என்று சீட்டைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆகஸ்ட் 2-ம் தேதி, அவருடைய விளம்பரத்தைக் கவனித்து வந்தவரே, இவர் மீள முடியாத கடனில் இருக்கிறார் என்று பத்திரிகையில் எழுதினார். 9-ம் தேதி வங்கிக் கணக்கில் இருப்பதற்கு மேலேயே எடுத்தாகிவிட்டது. 12-ம் தேதி கைது. வரவு நின்றதற்கும் கதை முடிந்ததற்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. மிச்சம் இருந்ததைச் சொரண்டிப் பார்த்ததில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நூற்றுக்கு சுமார் 37 தான் கிடைத்தது, அதுவும் பல வருடம் காத்திருந்து.

"வங்கியும் புது டெபாசிட்டிலிருந்துதானே பழையவருக்குக் கொடுக்கிறது?" என்று கெட்டிக்கார மாணவர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. வங்கி உங்கள் பணத்தை வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் கொடுத்திருக்கிறது, அதற்கு வட்டி வருகிறது. உங்கள் முதலுக்கு எதிரே ஏட்டில் ஒரு சொத்து நிற்கிறது. பதிவு செய்த சீட்டும் அப்படித்தான். குறிப்பிட்ட இருபது பேர் தங்களுக்குள் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள், புதிதாக யாரும் சேர வேண்டிய தேவையே அங்கு இல்லை. பொன்சி வித்தையில் உங்கள் முதலுக்கு எதிரே நிற்பது அடுத்து ஏமாறப் போகிறவர் மட்டும்தான்.

அதனால் யாராவது வந்து கேட்டால், பணம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி, பாரன் கேட்டது: இத்தனை பேர் பணத்துக்கு எதை வாங்கினீர்கள், எத்தனை வாங்கினீர்கள், அது எங்கே இருக்கிறது? தங்கம் என்றால் எத்தனை கிலோ, நிலம் என்றால் எந்த சர்வே எண். இரண்டாவது கேள்வி: மாதம் பத்து சதவீதம் என்றால் வருடத்துக்கு 120. அவ்வளவு லாபம் வருகிற தொழிலுக்கு வங்கியில் கடன் எடுத்தால் வட்டி அதில் ஒரு துளிதான். அதை விட்டுவிட்டு ஏன் என் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள்? பதில் வழவழவென்று வந்தால் sachet.rbi.org.in என்ற ரிசர்வ் வங்கியின் தளத்தில் அந்த நிறுவனம் யாரிடம் அனுமதி பெற்றிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கம்பெனியாகப் பதிவு செய்த சான்றிதழைக் காட்டுவார்கள். அது பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது.

ஏஜெண்டாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் நம்பித்தான் சேர்ந்திருப்பீர்கள், உங்கள் பணமும் உள்ளே இருக்கும். ஆனால் அனுமதியில்லாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. இதில் பணம் வாங்குவது மட்டுமல்ல, தெரிந்தே பொய் சொல்லி அடுத்தவரைச் சேர்த்துவிடுவதும் அதன்படி குற்றம். சந்தேகம் வந்த பிறகும் ஆள் சேர்த்தால், நம்பினேன் என்று சொல்ல முடியாது.

"கவிழ்வதற்குள் நாம வெளியே வந்துடலாம் சார்" என்று ஒருவர் சொன்னார். அதற்கும் பாஸ்டனிலேயே பதில் இருக்கிறது. விஷயம் வெளியே வந்த பிறகு கடைசி நாட்களில் முண்டியடித்துத் தங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போன சிலர் மீது வழக்கு நடந்தது. 1924-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டது. காரணம் எளிது. அவர்கள் எண்ணி வாங்கியது பொன்சியின் பணம் அல்ல, பின்னால் வரிசையில் நின்றவர்களின் பணம்.