காலி பிளாட்பாரம்

ஆர்.கே. நாராயணுக்கு மால்குடி ஒரு ஊராகத் தோன்றவில்லை. 1930-ல் ஒரு விஜயதசமி அன்று நல்ல நாள் பார்த்து நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்தபோது, அவருக்கு முதலில் தெரிந்தது ஒரு சின்ன ரயில் நிலையம் மட்டும்தான். தெருவும் ஆறும் பள்ளிக்கூடமும் சுவாமிநாதனும் அதன் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தார்கள். 1935-ல் வெளிவந்த ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ முடிவதும் அதே ரயில் நிலையத்தில், விடியற்காலையில்தான்.

இது ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு போட்டோ. தொண்ணூறுகளில், மீட்டர் கேஜ் இருந்த காலத்தில், தென்காசிப் பக்கம் என் நண்பர் ஒருவர் எடுத்தது. விடிகிற நேரம். ஆளில்லாத பிளாட்பாரம். ஒரு சிமென்ட் பெஞ்சு, ஒரு வேப்பமரம், இன்னும் அணைக்காத விளக்கு ஒன்று, வேலியில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள், தூரத்தில் ஒரு கைகாட்டி. அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித்தர அழைத்திருந்தார்கள். இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். “உங்க வயசுப் பிள்ளைங்க படிக்கிற மாதிரி, ஒண்ணரைப் பக்கத்துல ஒரு கதை எழுதுங்க” என்றேன்.

வந்த கதைகளில் பேய்கள் நிறைய இருந்தன. வெள்ளைப் புடவையுடன் பெஞ்சில் உட்கார்ந்தன. அடுத்தபடியாக, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு சினிமாவில் சேரச் சென்னைக்குக் கிளம்பியவர்கள். மூன்றாவது வகையில் எல்லாம் நடந்து முடிந்து, கடைசி வரியில் அம்மா எழுப்பிவிட்டாள், எல்லாம் கனவு. நான் ஒரு சோதனை சொன்னேன். உங்கள் கதையில் ‘ரயில்வே பிளாட்பாரம்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று போட்டுப் படியுங்கள். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், நீங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை. பேய்கள் எல்லாம் சுலபமாகப் பஸ் ஸ்டாண்டுக்குக் குடிபோய்விட்டன.

அதனால் பேனாவை வைத்துவிட்டு, அரை மணி நேரம் படத்தை மட்டும் பார்த்தோம்.

முதல் கேள்வி: இது விடியலா, சாயங்காலமா? விளக்கு எரிகிறது. எதற்கும் நிழல் இல்லை. வானம் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறது. ஆகவே சூரியன் இன்னும் தலைகாட்டவில்லை. உதித்துக் கால் மணி, அரை மணி ஆகியிருந்தால் விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு நீளத்துக்குப் பிளாட்பாரத்தில் படுத்திருக்கும். நம் ஊரில் வெளிச்சம் வந்து சூரியன் எட்டிப்பார்க்கிற வரை உள்ள இடைவெளி சுமார் இருபது, இருபத்திரண்டு நிமிஷம்தான். ஜூன் மாதம் தென்காசிப் பக்கம் சூரியன் வர ஏறக்குறைய ஆறு மணி ஆகும். அப்படியானால் படத்தின் நேரம் ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சாயங்காலமாகவும் இருக்கலாமே என்றான் ஒரு பையன். நியாயமான கேள்வி. படத்தை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது. எடுத்தவர் விடியல் என்றார், அதனால் விடியல்.

இரண்டாவது, கைகாட்டி. இது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கலர் விளக்குதான் பார்த்திருக்கிறார்கள். அந்த நாள் கைகாட்டியில் கை நேராக நீட்டியிருந்தால் நில். கீழே சரிந்திருந்தால் வா. படத்தில் கை சரிந்திருந்தது. இன்னொன்றும் உண்டு. கைகாட்டியின் முகம் டிரைவரைப் பார்த்து இருக்கும், சிவப்பாக, வெள்ளைப் பட்டையோடு. முதுகுப்பக்கம் வெள்ளை, அதில் கறுப்புப் பட்டை. படத்தில் நமக்குத் தெரிந்தது வெள்ளை. அதாவது கைகாட்டி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து நம்மை நோக்கி ஒரு வண்டி வரப்போகிறது.

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வண்டி வரப்போகிறது, ஆனால் பிளாட்பாரத்தில் ஒருத்தரும் இல்லை. சைக்கிள் மட்டும் இருக்கிறது. சைக்கிளில் வந்தவர் எங்கே?

இதுதான் கதை. காலியான பிளாட்பாரம் என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று நினைத்துத்தான் அதில் பேயைக் கொண்டுவந்து நிரப்புகிறோம். இருக்க வேண்டியவர் யார், அவர் ஏன் இல்லை என்று கேட்டால் போதும்.

மூன்றாவது விஷயத்தை ஒரு பெண் கண்டுபிடித்தாள். பின் வரிசை, அதுவரை வாய் திறக்காதவள். “சார், பெஞ்சோட உட்கார்ற பலகை கண்ணுக்கு நேரா தெரியுதே. நின்னுக்கிட்டு எடுத்தா மேல இருந்து தெரியணும்ல? யாரோ கீழ உட்கார்ந்துட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கு.” நண்பர் குத்துக்காலிட்டு எடுத்திருப்பார். ஆனால் அவள் சொன்னதில் கதைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். போட்டோவில் எப்போதும் ஒருவர் இருக்கிறார், கேமரா இருக்கிற இடத்தில். பிளாட்பாரத்தின் கோடியில் தரையில் ஒளிந்து உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் பார்க்கிறாள். ஒளிவானேன்?

அவள் எழுதிய கதை இது. அண்ணன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான். தங்கையின் படிப்புச் செலவுக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறான். காலை 5.55 பாசஞ்சரில் மதுரை போய், அங்கிருந்து பஸ். அவனுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து வந்த கார்டை யாருக்கும் காட்டாமல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். தங்கை பார்த்துவிட்டாள். சேரக் கடைசி நாள் இன்றுதான். சொன்னால் கேட்கமாட்டான். அதனால் விடிவதற்கு முன்பே எழுந்து அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். சைக்கிள் என்றால் கால் மணி. நடந்தால் நாற்பது நிமிஷம், வண்டி போய்விடும். ஓடினால் இருபது நிமிஷம். ஓடுவானா?

நான் சொல்லாமலேயே அவள் செய்திருந்தது இது: கதையில் வருகிறவள் ஒரு காரியம் செய்கிறாள். அழுதுகொண்டு உட்காரவில்லை. பதினைந்து வயசுக்காரர்களுக்கான கதையில் பெரியவர்கள் வந்து பிரச்னையைத் தீர்த்துவைத்தால், படிக்கிறவர்கள் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். அவர்கள் வாழ்க்கையில் பெரியவர்கள் தீர்த்துவைப்பது ஏற்கெனவே நிறைய நடக்கிறது. செய்வது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியாத ஒரு காரியமாக இருந்தால் இன்னும் நல்லது. அண்ணனுடைய முடிவைத் தடுக்க இவள் யார்?

ஆனால் முதல் பிரதியில் வேண்டாதவை இருந்தன. ‘கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி’ என்று ஆரம்பித்திருந்தாள். “சூரியன் இன்னும் வரலையேம்மா” என்றேன். சிரித்து அடித்துவிட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வந்து, கல்விதான் அழியாச் செல்வம் என்று அரைப் பக்கம் பேசினார். அவரையும் அனுப்பிவிட்டோம். ஒரு பையன் எழுந்து, “அண்ணன் ரயில்ல போய்ட்டா சைக்கிளை யாரு வீட்டுக்குக் கொண்டுவருவா?” என்றான். இந்த மாதிரிக் கேள்விதான் கதையைக் கவிழ்க்கும். யோசித்து ஒரு வரி சேர்த்தாள்: முதல் நாள் ராத்திரி அண்ணனே சொல்லியிருக்கிறான், ‘வேலியில சாச்சு வெச்சிட்டுப் போறேன், ஸ்கூல் விட்டு வந்து எடுத்துக்கோ.’ ஓட்டையும் அடைபட்டது. அவன் எவ்வளவு தீர்மானமாகக் கிளம்பியிருக்கிறான் என்பதும் தெரிந்துவிட்டது.

முடிவில்தான் ரொம்ப நேரம் சண்டை. முதல் பிரதியில் அண்ணன் ஓடி வருகிறான், அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறான், வீட்டுக்குத் திரும்புகிறான். “அவன் அவளைப் பார்க்கறதுக்கு முன்னாடி எதைப் பார்ப்பான்?” என்று கேட்டேன். சைக்கிளை. “பார்த்து?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுதினாள். ராத்திரி சாரல் அடித்திருக்கிறது. மட்கார்டு, கேரியர் எல்லாம் நனைந்திருக்கின்றன. சீட் மட்டும் காய்ந்திருக்கிறது. அண்ணன் மூச்சு வாங்க வந்து சீட்டின் மேல் கையை வைக்கிறான். வைத்த கையை எடுக்கவில்லை. தண்டவாளம் அதிர ஆரம்பிக்கிறது. கதை முடிந்தது.

நாராயண் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஊரை விட்டுப் போகும் ராஜத்திடம், கோபத்தில் பேசாமலிருக்கும் நண்பனிடம், சுவாமி ஒரு புத்தகம் கொடுக்க வருகிறான். நகர்கிற வண்டியோடு ஓடி மணிதான் அதை ராஜத்தின் கையில் சேர்க்கிறான். ராஜத்தின் கோபம் தீர்ந்ததா என்று சுவாமிக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

வகுப்பில் உடனே இரண்டு கட்சி. ஏறிவிட்டான் என்று பையன்கள். ஏறவில்லை என்று பெண்கள். எழுதினவளைக் கேட்டார்கள். “தெரியல” என்று சொல்லிவிட்டாள். ஏறினால் பணம் வரும், அவள் படிப்பாள். ஏறாவிட்டால் அவன் படிப்பான், அவள் படிப்பு என்ன ஆகும் என்று கதை சொல்லவில்லை. வகுப்பில் பலருக்கு இது கதையில்லை என்பது அவர்கள் வாதாடிய வேகத்தில் தெரிந்தது.

ராத்திரி நண்பருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ரசித்துக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிய்யா. அந்தக் கை பாசஞ்சருக்குப் போட்டது இல்ல. ஒரு கூட்ஸ் போச்சு. அதுக்கப்புறம் அரை மணி கழிச்சுத்தான் பாசஞ்சர் வந்துது” என்றார். கைகாட்டி வண்டி வருகிறது என்றுதான் சொல்லும். எந்த வண்டி என்று சொல்லாது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. நோட்டை வாங்கிக் கடைசிப் பத்தியைப் பார்த்தாள்.

“அப்ப முதல்ல கூட்ஸே போகட்டும் சார். அது போற சத்தத்துல, அவ அண்ணான்னு கூப்பிட்டாலும் அவனுக்குக் கேக்காதுல்ல?”