பிள்ளையை இரவில் தூங்கப் பழக்குவது: உம்மாவும் வாப்பாவும் ஒரு தாளில் எழுதிக்கொண்டது



பிள்ளை இரவில் எழும்பி எழும்பி அழுவது புதிய விஷயம் இல்லை. உம்மாவும் வாப்பாவும் அதற்கு என்ன செய்வது என்பதில் ஒத்துப்போகாமல், இரவு இரண்டு மணிக்கு மெல்லிய குரலில் சண்டை பிடிப்பதும் புதிய விஷயம் இல்லை. அந்தச் சண்டையை எப்படி ஒரு திட்டமாக மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களைப்போல வேலைக்குப் போகும் இளம் பெற்றோர் யாருக்காவது உதவலாம்.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். முழுச் சம்பள விடுமுறையும் அரைச் சம்பள விடுமுறையும் முடிந்து உம்மா பாடசாலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஒன்பது மாதம். நாவிதன்வெளியில் இருந்து கிட்டங்கிப் பாதையால் மோட்டார் சைக்கிளில் கல்முனைப் பக்கம் போக வேண்டும். ஒரு இரவில் ஐந்து தடவை எழும்பியவர் காலை ஏழு மணிக்கு அந்தப் பாதையில், இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்க, மோட்டார் சைக்கிள் ஓடுவது விளையாட்டு இல்லை. அதனால் இது வெறும் தூக்கப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை.

வாப்பாவின் கட்சி இது: "புள்ளைய ஏணையில ஆட்டி ஆட்டித்தான் பழக்கி வச்சிருக்கோம். கொஞ்சம் அழுதாலும் பரவால்ல, தானாத் தூங்கப் பழகட்டும்." உம்மாவின் கட்சி இது: "அழ விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலா. பால் கேட்டு அழுற புள்ளைக்குப் பால் குடுக்காம என்ன பழக்கம்?" பக்கத்து அறையில் உம்மம்மா. அவருடைய கட்சியைச் சொல்லவே தேவையில்லை. பிள்ளை இரண்டு தரம் சிணுங்கினால் கதவைத் தட்டிவிடுவார்.

இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருந்தது. பிள்ளைகளின் தூக்கம் ஒரே நீட்டில் போவதில்லை. இந்த வயதில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தூக்கம் மேலே வந்து, பிள்ளை அரைவிழிப்புக்கு வந்து, மறுபடி உள்ளே போகும். பெரியவர்களுக்கும் இது நடக்கிறது, காலையில் நினைவிருக்காது. ஏணை ஆட்டத்தில், அல்லது வாயில் பாலோடு தூங்கிப்போன பிள்ளை, அரைவிழிப்பில் பார்க்கும்போது ஆட்டமும் இல்லை, பாலும் இல்லை. தூங்கும்போது இருந்தது காணாமல் போய்விட்டது. அழுது அதைத் திரும்பக் கேட்கிறது. வாப்பா சொன்னது இதைத்தான். ஆனால் ஒன்பது மாதப் பிள்ளைக்கு இரவில் உண்மையாகவே ஒன்றிரண்டு தரம் பசிக்கலாம். உம்மா சொன்னது அது.

வாய்ப்பேச்சில் இதைத் தீர்க்க முடியாது என்று தெரிந்ததால் முதலில் ஒரு வேலை செய்தோம். ஒரு பயிற்சிக் கொப்பியில் கோடு போட்டு, ஏழு இரவுகளுக்கு எழுதினோம்: எத்தனை மணிக்குப் படுக்க வைத்தோம், எப்படித் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழும்பினாள், என்ன செய்தோம், எவ்வளவு நேரம் எடுத்தது. அந்த ஏழு நாளும் பழக்கத்தில் எதையும் மாற்றவில்லை.

ஏழு இரவில் 36 தரம் எழும்பியிருந்தாள். அதில் 13 தரம் நன்றாக விழுங்கிப் பால் குடித்திருக்கிறாள். அவை அநேகமாக ஒரு மணியை ஒட்டியும் நான்கு மணியை ஒட்டியும்தான். மிச்சம் 23 தரமும் இரண்டு மூன்று நிமிடம் வாயில் வைத்துவிட்டுத் தூங்கியது. அதாவது பசியும் உண்டு, பழக்கமும் உண்டு. இன்னொன்றும் தெரிந்தது. பின்னேரத் தூக்கம் ஆறு மணி தாண்டியும் நீண்டிருந்தது. அதனால் ஏழரைக்குப் படுக்க வைத்தாலும் ஒன்பது மணிக்குத்தான் கண் மூடினாள். ஒன்றரை மணித்தியாலம் தூக்கமே வராத பிள்ளையோடு நாங்கள் போராடியிருக்கிறோம். கொப்பியைப் பார்த்த பிறகு யார் சரி என்ற பேச்சு நின்றுபோனது.

அடுத்து கிளினிக்கில் நிறை பார்க்கும் நாளில் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டோம். நிறை கோட்டுக்குள் போகிறதா, குறட்டை உண்டா, காதைப் பிடித்துப் பிடித்து அழுகிறாளா என்று கேட்டார். ஒன்றும் இல்லை. இதை யாரும் தவிர்க்க வேண்டாம். நிறை ஏறாத பிள்ளை, மூச்சுத் திணறும் பிள்ளை, காதுவலி உள்ள பிள்ளைக்குப் பழக்கம் தேவையில்லை, வைத்தியர் தேவை. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கும் இதெல்லாம் வேண்டாம்.

வழிமுறைகள் பல இருக்கின்றன. கதவைச் சாத்திவிட்டு அழ விடுவது ஒன்று. 3 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து, சில நாளுக்கு ஒரு தடவை சற்றுத் தள்ளித் தள்ளி உட்காருவது. அவுஸ்திரேலியாவில் ஏழு மாத வயதில் தூக்கப் பிரச்சினை இருந்த பிள்ளைகளின் 326 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. உதவி பெற்ற பெற்றோருக்கு மேலே சொன்ன இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. எது வசதியோ அதை எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பழக்கிய பிள்ளைகளுக்கும் பழக்காத பிள்ளைகளுக்கும் மனநிலையிலோ நடத்தையிலோ பெற்றோரோடு உள்ள பாசத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. இதில் உம்மாவுக்கு ஓர் ஆறுதல்: பிள்ளையின் மனசு கெட்டுப்போகாது. வாப்பாவுக்கும் ஒரு செய்தி: இதைச் செய்யாவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் என்றும் இல்லை. செய்தாலும் செய்யாவிட்டாலும் பிள்ளைக்குக் கேடில்லை என்றால், மிச்சம் இருக்கும் கேள்வி, எங்கள் இருவராலும் எதைத் தாங்க முடியும் என்பதுதான்.

ஆகவே தாளை எடுத்து, ஆளுக்கு இரண்டு "என்னால ஏலாது" எழுதினோம். உம்மா எழுதியது: பிள்ளையைத் தனிய விட்டு அழுகையைக் கேட்க ஏலாது, பசிக்கு அழும்போது பால் மறுக்க ஏலாது. வாப்பா எழுதியது: இரவு முழுக்க ஏணை ஆட்ட ஏலாது, ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு முறை என்று மாற்ற ஏலாது. இந்த நாலையும் மீறாத முறை மூன்றாவதுதான். திட்டம் இப்படி வந்தது.

பின்னேரத் தூக்கம் 4.30க்குள் முடிய வேண்டும். இரவுப் படுக்கை முதலில் ஒன்பது மணிக்கு, அதாவது உண்மையாகவே தூக்கம் வரும் நேரத்துக்கு. இருபது நிமிடத்துக்குள் தூங்கத் தொடங்கினால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்து எட்டு மணியில் நிறுத்துவது. இஷாவுக்குப் பிறகு உடம்பு துடைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, இருந்துகொண்டு பால் கொடுத்து, தூங்குவதற்கு முன் பாலை நிறுத்தி, தூங்கும்போது ஓதும் துஆவை ஓதி, நுளம்பு வலைக்குள் அவளுடைய சின்ன மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பது. தலையணை இல்லை, தடித்த போர்வை இல்லை. எங்கள் மெத்தைக்குப் பக்கத்தில், ஆனால் தனி மெத்தை.

முதல் மூன்று இரவும் பக்கத்தில் சாய்ந்து நெஞ்சில் கை வைத்திருப்பது. அடுத்த மூன்று இரவும் கை இல்லாமல் பக்கத்தில் இருப்பது. பிறகு மெத்தையின் கால்மாட்டில், பிறகு கதவடியில். அழுகை கூடி மூச்சு வாங்கினால் தூக்கலாம்; அடங்கியதும், தூங்கிப்போகுமுன் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். இரவு ஒரு மணி வரை எழும்பினால் வாப்பா. பால் வாசம் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பாலைத்தான் கேட்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒரு மணிக்குப் பிறகும் நான்கு மணியை ஒட்டியும் உம்மா பால் கொடுப்பார்.

இரண்டு நிபந்தனையையும் எழுதினோம். காய்ச்சல், சளி, தடுப்பூசி போட்ட இரவு என்றால் திட்டம் நிற்கும். இருவரில் யார் "போதும்" என்றாலும் அந்த இரவுக்கு நிறுத்துவது, காரணம் கேட்பதில்லை. ஆனால் திட்டத்தை மாற்றும் பேச்சு பகலில் மட்டும்தான். பாதித் தூக்கத்தில் எந்தப் பேச்சும் சண்டையாகத்தான் முடியும்.

உம்மம்மாவிடம் பகலில் போய் இருந்து விளக்கினோம். "அழுற புள்ளைக்குப் பக்கத்துல ஆள் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றோம். பகல் தூக்கத்துக்கு ஏணை அவருடைய பொறுப்பிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னோம். எழும்பி இருக்கத் தொடங்கிய பிள்ளை ஏணையில் இருந்து விழக்கூடும், ஆகவே ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பகலில் ஏணை, இரவில் மெத்தை என்பதைப் பிள்ளை பிரித்துப் பழகிக்கொண்டது.

நடந்ததைச் சொல்கிறோம். முதல் இரவு கை வைத்திருந்தும் 40 நிமிடம் அழுதாள். இரண்டாம் இரவு இன்னும் கூட, 55 நிமிடம். பழைய பழக்கம் போகுமுன் ஒரு தடவை கூடி அழுவது வழக்கம் என்று தெரிந்திருந்ததால் தாங்கினோம். மூன்றாம் இரவு 25, நான்காம் இரவு 10. ஐந்தாம் இரவு உம்மா "போதும்" என்றார், நிறுத்தினோம். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். பத்தாம் நாளில் சளி பிடித்து நான்கு இரவு எல்லாம் பழையபடி ஆனது. சுகமானதும் மறுபடி தொடங்கியபோது இரண்டே இரவில் பிடித்துக்கொண்டாள். இப்போது இரவில் இரண்டு தரம் எழும்புகிறாள், இரண்டும் பாலுக்கு. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் புழுக்கத்தில் இன்னொரு தரமும் எழும்புவாள். அதற்கு விசிறியும் ஈரத்துணியும்தான் மருந்து.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கொப்பியில் எந்த மாற்றமும் இல்லை என்றால், அழுகையைக் கூட்ட வேண்டாம். நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், அல்லது ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

பால் மறக்கடிப்பதைப் பற்றிச் சொல்லும் அல்குர்ஆன் 2:233ஆம் வசனம், உம்மாவும் வாப்பாவும் ஒருவரை ஒருவர் பொருந்திக்கொண்டு, கலந்து பேசி முடிவெடுப்பதைத்தான் சொல்கிறது. பாலுக்கு அப்படி என்றால் தூக்கத்துக்கும் அப்படியே என்று எடுத்துக்கொண்டோம். அந்தத் தாள் இன்னும் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பல் முளைக்கும்போது என்ன செய்வது என்ற வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பேச இருக்கிறோம்.