அதே ராத்திரி, அதே கேள்வி

8 ஜூலை 2024, திங்கள்

ஆம்பூரில் இருக்கும் கல்லூரி நண்பனிடமிருந்து இன்றும் நீளமான மெசேஜ். மார்ச் கடைசியில் அவன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், போன அந்த ராத்திரியைப் பற்றித்தான். பத்து மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் முதுகு வலிக்கிறது என்றாள். தாடை இறுக்கிப் பிடிக்கிறது, வாய்வாக இருக்கும் என்று அவளே சொன்னாள். இவன் இஞ்சி தட்டிக் கஷாயம் போட்டுக் கொடுத்தான். குடித்துவிட்டுப் படுத்தாள். விடியற்காலை நாலு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்துப்போய் எழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. மெசேஜின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "பத்து மணிக்கே தூக்கிகினு ஓடியிருந்தா இருந்திருப்பா இல்ல மச்சான்?"

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது சொந்தக்காரர்களுக்கு எழுதினால் கும்பிடு பொம்மை ஒன்று வருகிறதாம். சிலர் "விதி" என்கிறார்கள், சிலர் "அவ்ளோதான் ஆயுசு" என்கிறார்கள், பெரிய அத்தை மட்டும் "புள்ளைங்கள பாரு" என்று போனை வைத்துவிடுகிறாராம். எல்லாரும் அன்பானவர்கள்தான். ஆனால் அவன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. "இருந்திருக்க மாட்டா" என்று எழுதிவிட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. அது உண்மையா என்று தெரியாமல் எழுத மாட்டேன். "இதுக்குச் சரியான பதில் கேட்டுட்டு எழுதறேன், ரெண்டு நாள் குடு" என்று மட்டும் அனுப்பினேன்.

10 ஜூலை, புதன்

மாத மளிகை வாங்க என் கடைக்கு வரும் டாக்டர் ஐயாவை உள்ளே உட்காரவைத்துக் கேட்டேன். லாங் பஜாரில் காலை பதினோரு மணிக்கு நிம்மதியாகப் பேச முடியாது. மூட்டை இறக்கும் வண்டி ஒரு பக்கம், ஹாரன் ஒரு பக்கம். அவர் பொறுமையாகச் சொன்னார்.

மாரடைப்பில் நெஞ்சு இறுக்கம்தான் பெரும்பாலோருக்கு வரும். ஆனால் பெண்களுக்கு முதுகு, தாடை, கழுத்து வலி, குமட்டல், களைப்பு என்று வருவதும் உண்டு. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் நரம்பு மரத்துப்போய் வலியே மங்கிவிடலாம். தங்கச்சிக்குச் சர்க்கரை இருந்தது. அடைத்த ரத்தக்குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவுக்கு இதயத் தசை பிழைக்கும். "அப்படின்னா பத்து மணிக்கே போயிருந்தால்?" என்றேன். "வாய்ப்பு கூடியிருக்கும். பிழைச்சிருப்பாங்கன்னு நானும் சொல்ல முடியாது, வேற யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குள்ள படுத்திருக்கும்போதே போறவங்களும் இருக்காங்க" என்றார். பிறகு அவரே கேட்டார்: "அந்தம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

ஷூ கம்பெனியில் அப்பர் தையல் என்றேன். நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்த முதுகு. "அப்போ முதுகு வலின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க" என்றார். பருப்பு மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்த பையன்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

11 ஜூலை, வியாழன்

ராத்திரி கணக்கை முடித்துவிட்டு எழுதினேன். அடித்து அடித்து எழுதியதில் நேரம் போனதே தெரியவில்லை. அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். திரும்பக் கேட்பான், அப்போது என் பதில் மாறக் கூடாது.

"டேய், டாக்டர் கிட்ட கேட்டேன். உனக்குப் பொய் சொல்லப் போறதில்ல. பத்து மணிக்கே போயிருந்தா பிழைக்கிற வாய்ப்பு கூடியிருக்கும். பிழைச்சிருப்பாளான்னு யாராலயும் சொல்ல முடியாது. அது ஒண்ணு. அந்தப் பத்து மணிக்கு உனக்கு என்ன தெரிஞ்சிருந்ததுங்கிறது வேற ஒண்ணு. அவ தினமும் முதுகு வலின்னு சொல்றவ. அன்னிக்கும் அதைத்தான் முதல்ல சொன்னா. தாடை இறுக்குறதையும் வாய்வுன்னு அவளே சொன்னா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லல. தெரிஞ்சதை வெச்சு நீ எழுந்து கஷாயம் போட்டுக் குடுத்த. நாலு மணிக்குத் தெரிஞ்சதும் ஓடின. நாலு மணிக்குத் தெரிஞ்சதை எடுத்துகினு போயி பத்து மணிக்கு இருந்தவனைத் திட்டிகினு இருக்க."

"உன் தப்பே இல்ல" என்று எழுதத்தான் கை போனது. எழுதவில்லை. முதல் பாதியை மறைத்து அதை மட்டும் எழுதினால், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். அதன் பிறகு நான் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

14 ஜூலை, ஞாயிறு

இரண்டு நாள் பதில் இல்லை. இன்று வந்தது. அவன் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பார்ப்பவன். வெட் ப்ளூ தோலை மேசையில் விரித்துப் போட்டால் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்தி பட்ட வெட்டு எல்லாவற்றையும் கண்ணாலும் விரலாலும் பிடித்து ரகம் பிரிப்பான். "ஊசி முனை ஓட்டையக்கூட விட மாட்டேன். பக்கத்துல படுத்திருந்தவள பாக்கத் தெரியல" என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதற்கு வாதம் பண்ணத் தோன்றவில்லை. "இதைப் படிச்சுட்டு அழுதேன்டா" என்று எழுதினேன், அழுததால். பிறகு ஒன்று கேட்டேன்: அவள் தைத்ததை அவன் எப்போதாவது செலக்‌ஷன் பார்ப்பது போல் பார்த்ததுண்டா? பதில் உடனே வந்தது, நீளமாக. கல்யாணமான புதிதில் மிச்சத் தோலில் அவனுக்கு ஒரு பர்ஸ் தைத்துக் கொடுத்தாளாம். இவன் வழக்கம்போல விரலால் தடவிப் பார்த்து ஒரு தையல் கோணல் என்றானாம். மூன்று நாள் பேசவில்லையாம். அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வரியும் இல்லாத மெசேஜ் இது.

17 ஜூலை, புதன். ஆடி 1

கூழுக்குக் கேழ்வரகு வாங்கக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. நடுப்பகலில் அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ், பத்து நிமிடத்துக்கு மேல். கல்லாவில் உட்கார்ந்து கொண்டு அதைக் கேட்க முடியாது. கேட்காமலே "ம்" என்று போடுவதும் முடியாது. "ஆடி மாசம்டா, பகல்ல கேக்க முடியாது. ராத்திரி கடை சாத்தினதும் முழுசா கேட்டுட்டுத்தான் படுப்பேன். எப்ப வேணா அனுப்பு. அவசரம்னா மெசேஜ் வேணாம், போன் போடு, எடுப்பேன்" என்று அனுப்பினேன். "சரி மச்சான்" என்றான். கோபித்துக்கொள்வானோ என்று பார்த்தேன். ராத்திரிக்குள் இன்னும் இரண்டு அனுப்பியிருந்தான்.

22 ஜூலை, திங்கள்

அதே கேள்வி திரும்ப வந்தது. பதினோராம் தேதி எழுதியதையே கொஞ்சம் சுருக்கி அனுப்பினேன். போன முறை "வாய்ப்பு கூடியிருக்கும்" என்றவன் இந்த முறை இரக்கப்பட்டு "ஒண்ணும் ஆகியிருக்காது" என்றால், எது நிஜம் என்று தேட ஆரம்பித்துவிடுவான். கேட்பது தகவலுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். முன்பு சொன்னது இன்றைக்கும் நிற்கிறதா என்று தட்டிப் பார்க்கிறான். நிற்கிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஊரீசு கல்லூரியில் எங்கள் இரண்டு பேருக்கும் புறநானூறு பாடம் இருந்தது. பாரி செத்த பிறகு பறம்பு மலையைப் பார்த்துப் பார்த்துக் கபிலர் பாடியவை வரிசையாக வரும். கையறுநிலை என்று துறையே உண்டு. அதே மலை, அதே சுனை, அதே பாரி. ஒரு பாட்டோடு நிறுத்துங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைப் பற்றி டாக்டர் ஐயாவிடமும் கேட்டேன். நெதர்லாந்தில் ஸ்ட்ரூபே, ஷுட் என்று இருவர் 1999இல் எழுதியதைச் சொன்னார். துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே மாறி மாறிப் போய்வருவாராம். அந்தப் போக்குவரத்து இருந்தால் பயப்பட வேண்டாமாம். நான் பழைய மெசேஜ்களைப் புரட்டினேன். ஏப்ரலில் அந்த ராத்திரி மட்டும். இப்போது நடுவில் பர்ஸ் வருகிறது, பெரியவளின் பத்தாம் வகுப்பு வருகிறது, கேஸ் சிலிண்டர் தீர்ந்தது வருகிறது. "உலக சுகாதார நிறுவனம் நீடித்த துக்கம்னு ஒரு நோயை வரையறுத்திருக்கு. அதுக்கே ஆறு மாசமாவது ஆகணும். இவருக்கு நாலு மாசம்கூட ஆகல" என்றார். ஆனால் சாகத் தோன்றுவதாக ஒரு வார்த்தை கண்ணில் பட்டால் நாள் கணக்குப் பார்க்காதீர்கள் என்றும் சொன்னார்.

27 ஜூலை, சனி

அந்த வார்த்தை வந்தது. ராத்திரி பதினொன்றரை. "அவகிட்டயே போயிட்டா இந்தக் கேள்வியே இருக்காது."

உடனே போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "தற்கொலை பண்ணிக்கணும்னு நெனைக்கிறியா?" என்று நேராகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஆவதில்லை, கேட்டால்தான் பேச முடியும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வதை நம்பித்தான் கேட்டேன். ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "நெனப்பு வருது. பண்ணல. புள்ளைங்க தூங்குதுங்க" என்றான். ஏதாவது ஏற்பாடு செய்து வைத்திருக்கிறானா என்றும் கேட்டேன். இல்லை என்றான். "இதை நான் மட்டும் வெச்சிருக்க மாட்டேன்டா. உங்க அக்காவுக்கு இப்பவே சொல்லப் போறேன்" என்றேன். வேண்டாம் என்றான். சொல்லத்தான் செய்வேன் என்று அவனிடமே சொல்லிவிட்டு, சொன்னேன். அக்கா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவர் கதவைத் தட்டும் சத்தம் கேட்கும் வரை போனை வைக்கவில்லை.

14416 எண்ணையும் அனுப்பினேன். டெலி-மானஸ், அரசாங்கத்தினுடையது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மறுபடி இந்த நினைப்பு வந்தால் முதலில் அக்காவை எழுப்புவது, அடுத்து எனக்குப் போன், நான் எடுக்கத் தாமதமானால் அந்த எண் என்று வரிசை போட்டு அவனையே திருப்பிச் சொல்லவைத்தேன்.

29 ஜூலை, திங்கள். ஆடிக் கிருத்திகை

பூ விலை ஏறி பஜாரே திணறுகிறது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஆம்பூர் போனேன். அக்காவும் நானுமாக மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம். உள்ளே அவன் தனியாகத்தான் பேசினான். தூக்கத்துக்கு மாத்திரை, வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும், "மச்சான், டாக்டரும் நீ சொன்னதையேதான் சொன்னாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சிங்களா?" என்றான்.

4 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடி அமாவாசை

விடிவதற்குள் வாழைக்காய் தீர்ந்துவிட்டது, அகத்திக்கீரைக் கட்டுக்கு அடிதடி. ராத்திரி அவன் மெசேஜைத் திறந்தேன். அதே ராத்திரிதான். ஆனால் இதுவரை சொல்லாத ஒன்று இருந்தது. கஷாயத்தை வாங்கிக் குடித்தவள், "இஞ்சி ஜாஸ்தி, உனக்கு அளவே தெரியாது" என்று சிரித்துவிட்டுத்தான் படுத்தாளாம். அதன் கீழே அதே கேள்வி, இந்த முறை கொஞ்சம் மாறி: "பத்து மணிக்குப் போயிருந்தா வாய்ப்பு இருந்திருக்கும், ஆனா எனக்குத் தெரியாது. அப்படித்தான மச்சான்?"

"ஆமாண்டா, அப்படித்தான்" என்று எழுதினேன். அவள் பேரைச் சொல்லி, அவள் கஷாயத்தில் இஞ்சி எவ்வளவு போடுவாள் என்று கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது யார் கூட வருவது என்று அக்காவிடம் பேச வேண்டும். அன்று எனக்குக் குண்டூர் மிளகாய் லோடு வருகிறது.