ஐந்து சொற்கள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் இலக்கியத் தளத்தின் பகுப்புகளை ஒழுங்குசெய்து தரும்படி சென்ற ஆண்டு என்னைக் கேட்டார்கள். தமிழ் படித்தவன், வகுப்பெடுப்பவன், ஆகையால் வகைப்படுத்தத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். அன்றைய தேதியில் தளத்தில் 312 பதிவுகள் இருந்தன. அவற்றுக்கு 37 பகுப்புகள். சராசரியாகப் பகுப்புக்கு எட்டுப் பதிவுகள் என்று கணக்குச் சொல்லும். உண்மையில் 'பொது' என்ற ஒன்றில் மட்டும் 71 பதிவுகள் குவிந்து கிடந்தன. பதினான்கு பகுப்புகளில் மூன்றோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தன. 'பொது' பருத்துப்போவதே பகுப்புகள் வேலை செய்யவில்லை என்பதற்கு முதல் அறிகுறி. எழுதியவருக்கே தம் எழுத்தை எங்கே வைப்பதென்று தெரியாதபோது அது அங்கே போய்ச் சேர்கிறது.

எல்லாத் தலைப்புகளையும் ஓர் அட்டவணையில் இறக்கிக்கொண்டேன். முதல் பத்தியில் தலைப்பு, இரண்டாவதில் இப்போதுள்ள பகுப்பு, மூன்றாவதில் அது என்ன என்று நானே எழுதிய ஒரு சொல். மூன்று மாலைகள் பிடித்தன. இடையில் ஒரு வேடிக்கை: 'மொழிபெயர்ப்பு' என்ற பகுப்பு இரண்டு முறை இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 'மொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியும் கொண்டுவரலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் கணினிக்கு அவை இரண்டு சொற்கள். பழைய தளத்திலிருந்து பதிவுகளை இறக்கியபோது இரண்டும் கூடவே வந்துவிட்டன. பகுப்பின் முகவரியைப் பார்த்தால்தான் பிடிபடும்: ஒன்றில் `%E0%AF%8A` என்றிருக்கும், மற்றதில் `%E0%AF%86%E0%AE%BE` என்றிருக்கும்.

முப்பத்தேழும் ஏன் குழம்பின என்பது மூன்றாவது பத்தியை நிரப்பி முடித்ததும் விளங்கியது. 'கவிதை' என்பது வடிவம். 'பெண்ணியம்' என்பது பொருள். 'புதுமைப்பித்தன்' என்பது ஆள். 'புத்தகக் கண்காட்சி' என்பது நிகழ்ச்சி. நான்கு வேறு அளவுகோல்கள் ஒரே பட்டியலில் அருகருகே நின்றன. புதுமைப்பித்தனின் பெண் பாத்திரங்களைப் பற்றிய கட்டுரையைத் தேடி வருகிறவர் எந்தக் கதவைத் தட்டுவார்? மூன்று கதவுகள் பொருத்தமாகத் தெரியும். கட்டுரை ஒன்றில் மட்டும் இருக்கும். இரண்டு முறை வெறுங்கையுடன் திரும்பியவர் மூன்றாவதைத் தட்டுவதில்லை.

நம் தொகை நூல்களைத் தொகுத்தவர்கள் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. அகநானூற்றின் பாடல் எண்ணைச் சொன்னால் போதும், திணை தெரிந்துவிடும். ஒற்றைப்படை எண் என்றால் பாலை, 2, 8 என முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்கு என்றால் நெய்தல். 219ஆம் பாடலைத் திறக்காமலே பாலை எனலாம். நானூறு பாடல்களுக்கும் ஒரே அளவுகோல், விலக்கில்லை. ஆனால் இந்த அழகு திணை அறிந்தவருக்குத்தான் திறக்கும். இதனருகே குறுந்தொகையை வைத்துப் பாருங்கள். நான்கிலிருந்து எட்டு அடிவரையுள்ள பாடல்கள் அதில், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு அடிவரை நற்றிணையில், அதற்கு மேல் நீண்டவை அகநானூற்றில் என்பது பொதுவான வரையறை. எண்ணத் தெரிந்தால் போதும், இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. புதிய வாசகருக்கான பகுப்பு இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்: படிப்பதற்கு முன்பே, வெளியிலிருந்து பார்த்தே, இது இன்னது என்று சொல்லக்கூடியதாக.

ஆகவே வடிவம் என்ற ஒரே அளவுகோலை எடுத்துக்கொண்டேன். ஒரு பதிவுக்கு ஒரே பகுப்பு. ஐந்து சொற்கள் நின்றன: சிறுகதை, கவிதை, நூல் மதிப்புரை, நேர்காணல், கட்டுரை. ஆள், பொருள், நிகழ்ச்சி எல்லாம் குறிச்சொற்களாகப் பதிவின் அடியில் இறங்கின. அவை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். முகப்பில் நிற்காததால் யாரையும் குழப்புவதில்லை.

'மொழிபெயர்ப்பு' எங்கே என்று உடனே சண்டை வந்தது. தளத்தின் பெருமையே அதன் மொழிபெயர்ப்புகள்தாம் என்றார் நண்பர் ஒருவர். நியாயம்தான். ஆனால் மொழிபெயர்த்த ரஷ்யக் கதை சிறுகதையும் ஆகும், மொழிபெயர்ப்பும் ஆகும். ஆறாவதாக அதைச் சேர்த்த கணத்திலேயே இரண்டு அளவுகோல்கள் வந்துவிடுகின்றன. வாதத்தால் தீராது என்பதால் என் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரிடம் போனேன். ஆறு சொற்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே நீட்டி, "ரஷ்யக் கதை ஒன்று தமிழில் இங்கே இருக்கிறதாம், முதலில் எதைத் தொடுவாய்?" என்று கேட்டேன். ஐவர் சிறுகதையைத் தொட்டார்கள், மூவர் மொழிபெயர்ப்பை. இத்தனை பிளவு இருந்தால் எந்தப் பக்கம் வைத்தாலும் சிலர் வழிதவறுவார்கள். ஐந்து சொற்களே உள்ள தாளை வேறு எட்டுப் பேரிடம் நீட்டியபோது அனைவரும் சிறுகதையைத் தொட்டார்கள். கதைகளின் பக்கத்தில் நுழைந்ததும் மேலேயே 'மொழிபெயர்ப்புகள் மட்டும்' என்று ஓர் இணைப்பு வைத்தோம். நண்பர் பாதி சமாதானமானார்.

இப்படிக் கேட்பதில் ஒரு கவனம் வேண்டும். "இந்தத் தலைப்புகள் நன்றாக இருக்கின்றனவா?" என்று கேட்டால் மாணவர்கள் "நல்லா இருக்கு சார்" என்றுதான் சொல்வார்கள். ஒரு பொருளைத் தேடச் சொல்லி, விரல் முதலில் எங்கே போகிறது என்று பார்ப்பதொன்றே பயன். விரல் தயங்கி நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

சொற்களைப் பற்றியும் அந்தத் தாள்களே கற்பித்தன. முதலில் 'விமர்சனம்' என்று எழுதியிருந்தேன். நால்வர் அதைத் திரைப்பட விமர்சனம் என்று எடுத்துக்கொண்டார்கள். 'திறனாய்வு' அவர்களுக்குத் தேர்வுத்தாளை நினைவூட்டியது. 'நூல் மதிப்புரை' இரண்டு சொல்லானாலும் தயக்கமில்லை. எழுதியவர்களின் பட்டியலுக்கு 'ஆசிரியர்கள்' என்று பெயர். தமிழில் ஆசிரியர் என்றால் நூலை எழுதியவர், இதழை நடத்துபவர், வகுப்பெடுப்பவர் என்று மூவரும் வருவார்கள். 'எழுதியவர்கள்' என்று மாற்றினோம். முன்பு மெனுவில் 'படைப்புகள்', 'ஆக்கங்கள்' என்ற இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என்ன வேறுபாடு என்று ஆசிரியர் குழுவிலேயே ஒருவருக்கும் சொல்ல வரவில்லை.

தேடுபெட்டி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். தமிழில் தேடுபெட்டியின் எல்லை சிறியது. 'புதுமைப்பித்தன்' என்று தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடல், 'புதுமைப்பித்தனின்' என்றுமட்டும் வரும் கட்டுரையைக் கொண்டுவராது. வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி போய்விடுகிறது, சொல் வேறாகிவிடுகிறது. அதனால்தான் பெயர்க் குறிச்சொற்களை ஒரே வடிவில் எழுத வேண்டியிருக்கிறது. 'கி.ரா.', 'கி. ராஜநாராயணன்', இடைவெளியில்லாத 'கி.ராஜநாராயணன்' என்று மூன்று இருந்தவற்றை ஒன்றாக்கினோம்.

கடினமாயிருந்தது இவை எதுவுமல்ல. தளத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர் இன்று இல்லை. பழைய புத்தகக் கடைகளில் தாம் கண்டெடுத்த நூல்களைப் பற்றி அவர் 'நடைபாதைக் கடை' என்ற பகுப்பில் 23 பதிவுகள் எழுதியிருந்தார். அந்தப் பெயர் மெனுவில் முதலாவதாக நின்றது. தாளில் அதைப் பார்த்த மாணவர்கள் புத்தகம் விற்கும் பக்கம் என்று நினைத்தார்கள். ஒருத்தி மட்டும் கதையின் தலைப்பா என்று கேட்டாள். அதை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது குழுவில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அவர் வைத்த பெயர், சார்" என்றார். அவ்வளவுதான். நண்பரின் மகள் அந்தப் பக்கத்தின் முகவரியை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பெயரை மெனுவில் வைத்திருப்பது அவரது எழுத்துக்கு நன்மை செய்யவில்லை என்பது என் எண்ணம். புதியவர்கள் அந்தக் கதவைத் திறக்கவேயில்லை. அந்த 23இல் 19 நல்ல நூல் மதிப்புரைகள், நான்கு கட்டுரைகள். அவற்றை அந்தந்தப் பகுப்பில் சேர்த்தால் புத்தகம் தேடி வருகிற எவரும் அவரைச் சந்திப்பார்கள். 'நடைபாதைக் கடை'யைக் குறிச்சொல்லாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பதிவின் தலைப்புக்கு மேலும் அது தொடரின் பெயராக நிற்கிறது.

வேர்ட்பிரஸில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பதிவுகளுக்குப் புதிய பகுப்பையும் குறிச்சொல்லையும் கொடுத்துவிட வேண்டும். அதன்பின்தான் பழைய பகுப்பை நீக்கலாம். மாற்றிச் செய்தால், வேறு பகுப்பு இல்லாத பதிவுகள் எல்லாம் இயல்புநிலைப் பகுப்பில் போய் விழும். எங்களுக்கு அது மறுபடியும் 'பொது'வாகியிருக்கும். பதிவின் முகவரி தானாக மாறினால் வேர்ட்பிரஸ் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும். பகுப்பின் முகவரிக்கு அந்த வசதி இல்லை. அதற்கு `.htaccess` கோப்பில், வேர்ட்பிரஸின் வரிகளுக்கு மேலே, ஒரு வரி சேர்த்தோம்:

```
Redirect 301 /category/nadaipathai/ /tag/nadaipathai/
```

முகவரியை அவர் ஆங்கில எழுத்துகளில் வைத்திருந்தது நல்லதாயிற்று. தமிழில் வைத்தால் ஒவ்வொரு குறியும் அனுப்பும்போது ஒன்பது எழுத்தாக விரியும். 'கவிதை' என்ற சிறு சொல்லே 45 எழுத்தாகி, மின்னஞ்சலில் பாதியில் உடைந்துபோகக்கூடும்.

மெனுவில் இப்போது ஐந்து பகுப்புகளும் 'எழுதியவர்கள்' பட்டியலும் இருக்கின்றன. இடக்கோடியில் 'இங்கிருந்து தொடங்கலாம்' என்று ஒரு பக்கம். அது பகுப்பு அல்ல. குழுவினர் தேர்ந்த எட்டுப் பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அறிமுகம். புதிய பகுப்பு கேட்டு யாராவது வந்தால், ஐந்திலும் அடங்காத பதினைந்து பதிவுகளைக் காட்டுங்கள் என்று சொல்லும்படி ஒரு விதி எழுதிவைத்திருக்கிறோம். பயணக் குறிப்புகளுக்காக ஒருவர் பதினொன்று வரை சேர்த்துவிட்டார். எட்டுப் பதிவுகளைத் தேர்வதில் குழுவுக்குள் இன்னும் பூசல் ஓயவில்லை. 'நடைபாதைக் கடை'யிலிருந்து ஒன்று அதில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.