வெள்ளிக்கு முன் பள்ளம்

பீதர் நகரத்துப் பித்ரிக் கலன்களைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியபோது, நான் படித்த அருங்காட்சியகப் பட்டியல்களில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வந்தது: கருநிற உலோகத்தில் வெள்ளி பதித்தது. 'பதித்தது' என்னும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்ன நிகழ்கிறது என்று அறிவதற்காகவே, ஐதராபாத்திலிருந்து பீதருக்குச் சென்று ஒரு பட்டறையில் ஐந்து மாதம் தொழில் பயின்றேன்.

அந்த உலோகம் பெரும்பகுதி துத்தநாகம்; பதினாறு பங்குக்கு ஒரு பங்கு செம்பு என்பது பட்டறைக் கணக்கு. மணல் அச்சில் வார்த்து எடுக்கும்போது அது கருப்பே அல்ல. மங்கிய சாம்பல் நிறம். முதல் ஆறு வாரம் அதை அரத்தால் சமப்படுத்துவது மட்டுமே என் வேலை. அதன் பிறகு மயில்துத்தக் கரைசலைப் பூசித் தற்காலிகமாகக் கருக்க வைப்பார்கள். அந்தக் கருமையின் மேல் எஃகு ஊசியால் கீறினால் கோடு வெள்ளையாகத் தெரியும். கொடியும் இலையும் உஸ்தாத் கீறியவை. அளவுகோலும் மாதிரியும் இல்லாமல் கைபோன போக்கில் வரையும் அந்தத் திறன் ஐந்து மாதத்தில் வருவதன்று. எனக்கு வரவும் இல்லை.

நான் கற்றது பள்ளம் வெட்டுவது. கல்லின் மேல் அரக்கில் பொருளைப் பதித்து அசையாமல் நிறுத்தி, உளியைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போகவேண்டும். உளி அதிகம் நிமிர்ந்தால் உலோகத்தில் குத்திக்கொண்டு நின்றுவிடும். அதிகம் படுத்தால் மேற்பரப்பில் வழுக்கிக் கோட்டை விட்டு ஓடும். இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வைக் கண்ணால் அளக்க முடியாது. தட்டும் ஓசை ஒரே சுருதியில் இருக்கிறதா என்று காதுதான் சொல்கிறது.

ஆனால் நுட்பம் ஆழத்தில் இல்லை, பள்ளத்தின் சுவர்களில் இருக்கிறது. கோட்டின் இரு புறமும் உளியைச் சற்றே உட்புறம் சாய்த்து வெட்டினால் வாய் குறுகி அடி அகன்ற பள்ளம் கிடைக்கும். வெள்ளிக்கம்பி மென்மையானது, அதை உள்ளே வைத்துத் தட்டும்போது பரந்து அந்த அகன்ற அடியை நிரப்பி, குறுகிய வாயின் கீழ் சிக்கிக்கொள்கிறது. பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. சுவர் வெளிப்புறம் சரிந்திருந்தால், மேலே அரம் போடும்போதே கம்பியின் முனை எழுந்துவிடும்.

இதில் மனத்தைத் துன்புறுத்துவது ஒன்று உண்டு. அரம் போட்டுத் தேய்த்தபின் வெள்ளியும் துத்தநாகமும் ஏறக்குறைய ஒரே நிறம். நான் மூன்று வாரம் உழைத்த சிறு டப்பாவின் மூடி, ஐந்து இலை கொண்ட ஒரு கொடி, கையில் வெறும் தகடாகவே கிடந்தது. எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. கருமையேற்றும் நாளில்தான் எல்லாம் வெளிப்படும்.

அதற்கான மண் பழைய கோட்டையின் மழை படாத பகுதிகளிலிருந்து எடுக்கப்படுவது. உஸ்தாத் அதை நாவில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தார். வெடியுப்புச் செறிந்த மண் அது. நவச்சாரத்தோடு நீரில் கலந்து, சூடேற்றிய பொருளின் மேல் தேய்க்கிறார்கள். சில நொடிகளில் துத்தநாகக் கலவை மட்டும் கருக்கிறது, வெள்ளி தொடப்படாமல் நிற்கிறது. செம்பு கலவாத தூய துத்தநாகத்தில் இந்தக் கருமை படிவதில்லை. பட்டறைக் கணக்கின் அந்த ஒரு பங்குக்குப் பொருள் எனக்கு விளங்கியது அங்கேதான்.

மூடியைக் கழுவி எண்ணெய் தடவியபின் உஸ்தாத் கொடியின் ஓரம் முழுவதும் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் தடைபடவில்லை. ஒன்றும் சொல்லாமல், விற்பனைக்குச் செல்லும் தட்டில் மற்றவற்றோடு அதை வைத்துவிட்டு அடுத்த பொருளை எடுத்தார். என் ஆய்வுக் கட்டுரைகள் ஏற்கப்பட்ட நாள்களில்கூட அப்படி ஒரு நிமிர்வை நான் உணர்ந்ததில்லை. அந்தத் தட்டில் என் மூடி எது என்று சிறிது நேரம் எனக்கே தேடவேண்டியிருந்தது. அது இன்னும் இனித்தது.

ஆய்வுக்குழுவில் இதை எந்த முறையியலின் கீழ் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். பங்கேற்பு நோக்கல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோக்குவதற்கு அங்கே நேரம் இருந்ததா என்பது வேறு.

இப்போது அருங்காட்சியகத்தில் பழைய ஹூக்கா அடிக்கலங்களைப் பார்க்கும்போது வெள்ளி ஒளிரும் இடங்களைவிட, அது உதிர்ந்துபோன இடங்களில்தான் அதிக நேரம் நிற்கிறேன். வெறுமையான பள்ளத்தில் உளியின் சாய்வு அப்படியே இருக்கிறது. சிலவற்றில் இடச்சுவர் ஆழமாகவும் வலச்சுவர் மேலோட்டமாகவும் வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டியவர் கலத்தைத் திருப்பி வைக்காமலேயே இரண்டு பக்கமும் முடித்திருக்க வேண்டும்.